பாஸ்வேர்டு கேட்காத பிடிஎஃப்: பூட்டை எடுத்தால் கையெழுத்து என்ன ஆகும்?

இ-ஆதார் கோப்பை ஜெராக்ஸ் கடை வாட்ஸப்புக்கு அனுப்பிவிட்டு நிற்பவரிடம் கடைக்காரர் முதலில் கேட்பது எத்தனை காப்பி என்றல்ல. “பாஸ்வேர்டு என்ன சார்?” என்றுதான் கேட்பார். பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்க, சொந்தப் பெயரின் எழுத்துகளையும் பிறந்த வருடத்தையும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வங்கி ஸ்டேட்மெண்ட், வருமான வரி ஆவணங்கள், பங்கு முதலீட்டுக் கணக்கு என வீட்டில் சேரும் முக்கியமான பிடிஎஃப்களில் பெரும்பாலானவை இப்படிப் பூட்டோடுதான் வருகின்றன. கடனுக்கோ விசாவுக்கோ இணையத்தில் விண்ணப்பிக்கும்போது, பூட்டிய கோப்பைப் பல தளங்கள் ஏற்பதே இல்லை.

பாஸ்வேர்டு நமக்குத் தெரியும், கோப்பும் நம்முடையது என்றால் அந்தப் பூட்டை நிரந்தரமாக எடுத்துவிடலாம். இரண்டு நிமிட வேலை, செலவும் இல்லை. ஆனால் எடுக்கும் வழியைப் பொறுத்து கையில் கிடைக்கும் கோப்பு மாறும். இ-ஆதார் போன்ற ஆவணத்தில் அந்த வித்தியாசம் முக்கியமானது.

முதலில் பாஸ்வேர்டைச் சரியாகப் போட வேண்டும். இ-ஆதாருக்கான விதியை ஆதார் ஆணையமே சொல்லியிருக்கிறது: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், பெரிய எழுத்தில், அதை ஒட்டிப் பிறந்த வருடம். சுரேஷ் குமார், 1990 என்றால் SURE1990. சாய் குமார் என்று முதல் பெயர் மூன்றெழுத்தாக இருந்தால், இடைவெளியை விட்டுவிட்டு SAIK1990. ரியா என்று மொத்தப் பெயரே மூன்றெழுத்து என்றால் RIA1990.

தமிழ்நாட்டில் பலர் தடுமாறுவது இனிஷியலில்தான். ஆணையம் தரும் உதாரணங்களில் ஒன்று P. KUMAR. அவருக்கு பாஸ்வேர்டு P.KU1990. இனிஷியலும் கணக்கில் வரும், அதன் பின்னால் இருக்கும் புள்ளியும் ஓர் எழுத்தாகவே எண்ணப்படும். ஆதாரில் புள்ளி இல்லாமல் P KUMAR என்று பதிவாகியிருந்தால், இடைவெளியை விடும் அதே விதிப்படி PKUM1990 என்று போட்டுப் பார்க்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் எங்கே இருக்கிறது என்பது இங்கே உதவாது. ஆதார் அட்டையில் ஆங்கிலத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

வருமான வரித் துறையின் ஏஐஎஸ் அறிக்கைக்கு விதி வேறு: பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, அதோடு பிறந்த தேதியை நாள், மாதம், வருடம் என எட்டு இலக்கமாகச் சேர்க்க வேண்டும். பான் எண்ணைப் பெரிய எழுத்தில் அடித்தே பழகியவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். பிடிஎஃப் பாஸ்வேர்டில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு.

பூட்டு உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப்பில் பக்கங்களின் எழுத்து, படம் எல்லாமே சங்கேதமாகக் கலைத்து வைக்கப்பட்டிருக்கும். நாம் பாஸ்வேர்டை அடித்ததும் திறக்கும் மென்பொருள் அதைக் கொண்டு சாவியை வருவித்து, உள்ளடக்கத்தைத் தன் நினைவகத்தில் மட்டும் மீட்டுத் திரையில் காட்டுகிறது. வட்டில் கிடக்கும் கோப்பு தொடப்படுவதே இல்லை. அதனால்தான் நூறு முறை திறந்தாலும் நூற்றியோராவது முறையும் அது கேட்கிறது. குரோமில் கோப்பைத் திறந்துவிட்டு மேலே இருக்கும் டவுன்லோடு பொத்தானை அழுத்துகிறவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். அது பழைய பூட்டிய கோப்பையே இன்னொரு நகலாகச் சேமிக்கும்.

குரோமில் பலன் தருவது பிரிண்ட் வழி. கோப்பைத் திறந்து பாஸ்வேர்டு கொடுத்த பின் Ctrl+P அழுத்தி, பிரிண்டர் பெயர் வரும் Destination இடத்தில் Save as PDF என்பதைத் தேர்ந்து வேறு பெயரில் சேமிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனிலும் பிரிண்ட் வசதி உள்ள செயலியில் திறந்து, இதே Save as PDF-ஐத் தேர்ந்தால் போதும். கிடைக்கும் புதிய கோப்பு பாஸ்வேர்டு கேட்காது.

ஆனால் அது பழைய கோப்பின் பூட்டு நீங்கிய வடிவம் அல்ல. பக்கங்களின் தோற்றத்தைப் பார்த்து எழுதிய புதிய கோப்பு. நிரப்பும் படிவமாக இருந்தால் கட்டங்கள் வெறும் கோடுகளாகிவிடும். இணைப்புகளும், நீளமான அறிக்கையில் பக்கவாட்டில் வரும் பொருளடக்கமும் போய்விடலாம். காகித அளவு தவறாக இருந்தால் பக்கம் சுருங்கியோ ஓரம் வெட்டுப்பட்டோ வரும். சில மென்பொருள்கள் பக்கத்தைப் படமாகவே மாற்றிவிடுகின்றன. புதிய கோப்பைத் திறந்து ஒரு வார்த்தையை மவுஸால் தேர்ந்து பார்த்தால் இது தெரிந்துவிடும். வார்த்தை மட்டும் நீலமாகத் தேர்வானால் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது. எதுவுமே தேர்வாகவில்லை என்றால் அது படம். வங்கி ஸ்டேட்மெண்ட் படமாகிவிட்டால் தொகைகளைத் தேடவோ எக்ஸெலுக்கு எடுக்கவோ முடியாது. ஆடிட்டர் உட்கார்ந்து மறுபடி தட்டச்ச வேண்டியிருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிடிஎஃப்பில் இரண்டு பாஸ்வேர்டுகள் இருக்க முடியும். ஒன்று திறப்பதற்கு. மற்றது, கோப்பை உருவாக்கியவர் தன்னிடம் வைத்துக்கொள்வது. அச்சிடலாமா, எழுத்தை நகலெடுக்கலாமா, திருத்தலாமா என்ற அனுமதிகள் அதன் கையில். அச்சுக்கு அனுமதி இல்லாத கோப்பில் பிரிண்ட் வழி அங்கேயே அடைந்துவிடும்.

கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு பூட்டை மட்டும் கழற்ற ஏற்றது க்யூபிடிஎஃப் என்ற இலவசக் கருவி. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உபுண்டுவில் apt மூலமும் மேக்கில் brew மூலமும் qpdf என்ற பெயரிலேயே நிறுவலாம். கட்டளைச் சாளரத்தில் அடிக்க வேண்டியது ஒரே வரி:

```
qpdf --password=P.KU1990 --decrypt aadhaar.pdf aadhaar-open.pdf
```

முதல் பெயர் பூட்டிய கோப்பு, இரண்டாவது புதிதாக வரப்போவது. எல்லாம் சரியாக நடந்தால் திரையில் எந்தச் செய்தியும் வராது. அடுத்த வரியில் கர்சர் மின்னிக்கொண்டிருக்கும். பாஸ்வேர்டு தவறென்றால் invalid password என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். பூட்டு உண்மையில் போய்விட்டதா என்று பார்க்க இன்னொரு வரி:

```
qpdf --show-encryption aadhaar-open.pdf
```

File is not encrypted என்று பதில் வந்தால் வேலை முடிந்தது. எழுத்து எழுத்தாகவே இருக்கும், பக்க அளவு மாறாது, இணைப்புகளும் பொருளடக்கமும் பிழைத்துக்கொள்ளும். அச்சுத் தடை போன்ற கட்டுப்பாடுகளும் பூட்டோடு சேர்ந்து போய்விடும். சொந்த ஸ்டேட்மெண்டில் அது நல்லதே. அடுத்தவர் எழுதி, அச்சிடக் கூடாது என்று அனுப்பிய ஆவணத்தில் இதைச் செய்வது முறையல்ல. அடோபி அக்ரோபாட்டின் கட்டணப் பதிப்பு வைத்திருப்பவர்கள் ஆவணத்தின் Properties பகுதியில் Security Method என்ற இடத்தை No Security என்று மாற்றிச் சேமிக்கலாம். இலவச ரீடரில் இந்த வசதி இல்லை.

இனி கையெழுத்துக்கு வருவோம். இ-ஆதாரில் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. அக்ரோபாட் ரீடரில் திறந்தால் முதலில் மஞ்சள் கேள்விக்குறியோடு Validity Unknown என்று காட்டும். அதன் மேல் வலது கிளிக் செய்து சான்றிதழை நம்பகமானதாகச் சேர்த்துச் சரிபார்த்தால் பச்சை டிக் வரும். அந்த டிக்குக்கு ஒரே பொருள்தான்: ஆணையம் கையொப்பமிட்ட பிறகு இந்தக் கோப்பில் ஒரு பைட்கூட மாறவில்லை.

பூட்டைக் கழற்றுவதோ கோப்பு முழுவதையும் மறுபடி எழுதுவது. எழுத்தும் படமும் கண்ணுக்கு அப்படியே தெரிந்தாலும் உள்ளே பைட்டுகள் அனைத்தும் இடம் மாறிவிடுகின்றன. க்யூபிடிஎஃப் எழுதிய நகலில் கையொப்பம் இருக்கும், ஆனால் சரிபார்ப்பில் தேறாது. பிரிண்ட் வழியில் வந்த நகலில் கையொப்பம் இருந்த இடத்தில் வெறும் படம்தான் மிஞ்சும். சரிபார்க்கவே ஒன்றும் இருக்காது. பூட்டையும் எடுத்து, பச்சை டிக்கையும் காப்பாற்ற வழி இல்லை. ஆவணம் போலியோ என்று சந்தேகம் வந்தால் நிரூபிக்க உதவுவது பூட்டோடு வந்த அசல் கோப்புதான். அதனால் அசலை ஒருபோதும் அழிக்கக் கூடாது; புதிய நகலை அதே பெயரில் சேமித்து அசலை மேலெழுதவும் கூடாது.

ஆறுதலான விஷயம் ஒன்று இருக்கிறது. ஆதாரில் உள்ள பெரிய க்யூஆர் குறியீட்டுக்குள் விவரங்களோடு ஆணையத்தின் தனிக் கையொப்பமும் அடங்கியிருக்கிறது. அது கோப்பைச் சார்ந்ததல்ல. பூட்டில்லாத நகலிலும், காகிதத்தில் அச்சிட்டாலும், குறியீடு தெளிவாக இருக்கும்வரை ஆணையத்தின் ஸ்கேனரில் தேறும். பிரிண்ட் வழியில் பக்கம் சுருங்கி, நெருக்கமான புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால்தான் ஸ்கேனர் திணறும்.

பூட்டை எடுப்பதாகச் சொல்லும் இணையதளங்கள் ஏராளம். கோப்பையும் பாஸ்வேர்டையும் சேர்த்து முகம் தெரியாத ஒரு கணினியிடம் கொடுத்தால்தான் அவை வேலை செய்யும். ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அப்படிக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. மேலே சொன்ன இரண்டு வழிகளும் நம் கணினிக்குள்ளேயே முடிகின்றன.

பூட்டு இல்லாத ஆதாரைக் கையில் வைத்திருப்பது ஆபத்தில்லையா என்று கேட்கலாம். அந்தப் பூட்டு எவ்வளவு உறுதி என்பதையும் பார்க்க வேண்டும். பெயர் தெரிந்தவருக்கு வருடம் மட்டுமே புதிர். கடந்த நூறு ஆண்டுகளை வரிசையாகப் போட்டாலும் நூறே முயற்சி. மின்னஞ்சல் தவறான ஆளுக்குப் போய்விட்டால் சட்டென்று திறக்காமல் தடுக்கும் அளவுக்குத்தான் அது காவல். போனிலும் கணினியிலும் நல்ல திரைப்பூட்டு போட்டு, அதற்குள் பூட்டில்லாத நகலை வைத்திருப்பதில் பெரிதாக எதையும் இழக்கவில்லை. நகல் வெளியே போகும்போதுதான் கவனம் வேண்டும். ஜெராக்ஸ் கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அது தங்கிவிடும். கண்முன்னே அழிக்கச் சொல்லி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்ல வேண்டும். ஆதார் எண் முழுவதும் தேவைப்படாத இடங்களுக்கென்றே, எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் மறைத்த ஆதாரை ஆணையத்தின் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதற்கும் பாஸ்வேர்டு விதி இதேதான். பூட்டைக் கழற்றும் வழியும் இதேதான்.