n பெரிதாகப் பெரிதாக e எங்கே போகிறது?

ஒரு ரூபாய்க்கு ஆண்டுக்கு நூறு சதவீத வட்டி. ஆண்டு முடிவில் ஒரே தடவை வட்டி போட்டால் கைக்கு வருவது இரண்டு ரூபாய். அதையே ஆறு மாதத்துக்கு ஐம்பது சதவீதம் என்று பிரித்து, வட்டிக்கும் வட்டி போட்டால் 2.25. மாதந்தோறும் போட்டால் 2.613, நாள்தோறும் போட்டால் 2.7146. இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் பணம் எங்கே போய் நிற்கும் என்று 1683-இல் கேட்டவர் சுவிட்சர்லாந்துக்காரரான யாக்கோபு பெர்னூலி. அது மூன்று ரூபாயைத் தாண்டாது என்று அவர் கண்டார்.

கணக்காக எழுதினால் அது (1 + 1/n)ⁿ. n கூடக்கூட அடைப்புக்குள் இருப்பது 1-ஐ நெருங்குகிறது. அதைத் தன்னால் பெருக்கும் தடவைகளோ ஏறுகின்றன. ஒன்று கீழே இழுக்க, மற்றது மேலே இழுக்க, இரண்டுக்கும் நடுவில் அது சென்று சேரும் எல்லைதான் 2.718281828... இதற்கு e என்று பெயர் வைத்தவர் ஆய்லர்.

இதை நாமே சரிபார்க்கலாம். n = 1,000 என்றால் 2.716924. பத்தாயிரத்துக்கு 2.718146. ஒரு லட்சத்துக்கு 2.718268. ஒவ்வொன்றும் e-க்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்: 0.00136, 0.000136, 0.0000136. n பெரிதாக இருக்கும்போது இந்தக் குறை ஏறத்தாழ e/(2n). அதாவது n-ஐப் பத்து மடங்காக்கினால் சரியான இலக்கம் ஒன்றே ஒன்றுதான் கூடும். பத்து லட்சம் தடவை பெருக்கியும் ஐந்தாறு தசம இடங்கள்தான் தேறும். மிக மெதுவான வழி இது.

அப்படியானால் கணினியிடம் கொடுத்து n-ஐக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிட்டால் என்ன? பைதானில் இரண்டே வரி:

```python
for k in range(1, 17):
    print(k, (1 + 1/10**k)**(10**k))
```

பத்து கோடி வரை (k = 8) எல்லாம் ஒழுங்காகவே போகிறது: 2.71828180. நூறு கோடியில் 2.71828205 என்று வருகிறது. இது e-ஐவிடப் பெரிது! லட்சம் கோடியில் 2.71852, அதற்கடுத்த வரியில் 2.71611. k = 15-இல் 3.035. k = 16-இல் வெறும் 1.

சூத்திரத்தில் பிழை இல்லை. பெருக்கலிலும் இல்லை. 1-உடன் 1/n-ஐக் கூட்டும் அந்த முதல் படியிலேயே கணக்கு கெட்டுவிடுகிறது. கணினி ஓர் எண்ணுக்கு ஏறத்தாழ பதினாறு இலக்கங்களே வைத்துக்கொள்ளும். 1-க்கு மேல் அதற்குத் தெரிந்த அடுத்த எண் 2.22 × 10⁻¹⁶ தள்ளி இருக்கிறது. அதற்கடுத்தது இன்னொரு அவ்வளவு தள்ளி. படிக்கட்டு மாதிரிதான், இரண்டு படிகளுக்கு நடுவே நிற்க இடம் கிடையாது. 10⁻¹⁵ என்பது நாலரைப் படி உயரத்துக்குச் சற்று மேலே விழுகிறது. கணினி அதை ஐந்தாம் படியில் ஏற்றிவிடுகிறது. ஐந்து படி என்பது 1.11 × 10⁻¹⁵. ஆக, நாம் கேட்டதைவிடப் பதினொரு சதவீதம் அதிகமான வட்டிக்குக் கணக்குப் போட்டு, e-க்குப் பதிலாக e-இன் 1.11 அடுக்கைத் தருகிறது. அதுதான் 3.035. 10⁻¹⁶-ஓ அரைப் படிகூட இல்லை. கூட்டியதும் மறைந்துபோகிறது, மிஞ்சிய 1-ஐ எத்தனை தடவை பெருக்கினாலும் 1-தான்.

e-இன் மதிப்பே தெரியாதவர் இதைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். n கூடும்போது (1 + 1/n)ⁿ எப்போதும் ஏறுமுகம்தான், இறங்கவே இறங்காது என்று நிரூபித்திருக்கிறார்கள். அதனால் 2.71852-க்கு அடுத்து 2.71611 வந்த உடனேயே, கோளாறு கணினியின் பக்கம் என்று சொல்லிவிடலாம். ஆனால் நூறு கோடியில் நேர்ந்த பிழையை இந்தச் சோதனை பிடிக்காது. அங்கே எண் தவறான திசையில் போகவில்லை, சரியான திசையில் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. இந்த வகைப் பிழைதான் ஆபத்தானது.

பெரிய n-ஐத் துரத்தாமலே நல்ல விடை பெற ஒரு வழி உண்டு. (1 + 1/n)ⁿ கீழிருந்து e-ஐ நெருங்குகிறது. அடுக்கில் ஒன்றைக் கூட்டி (1 + 1/n)ⁿ⁺¹ என்று எழுதினால், அது மேலிருந்து இறங்கி வரும். எனவே எந்த n-க்கும் e இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். n = 1,000-க்கு முதலாவது 2.716924, இரண்டாவது அதை 1.001-ஆல் பெருக்கிய 2.719641. இரண்டின் சராசரி 2.7182824. பத்து லட்சத்தைப் போட்டு வாங்கிய விடையைவிட இது e-க்கு நெருக்கமானது.