துவைகல்லில் கவரால் படும் பாடு

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும் ரசாயனத் தொழிற்சாலையிலும் வேலை செய்பவர்கள் போடும் கவரால், பார்வைக்குக் கனமான காட்டன் துணி மாதிரிதான் இருக்கும். தொட்டுப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் நல்ல கவராலில் இரண்டு தனித்தனி பினிஷிங் நடந்திருக்கும். தீப்பட்டால் பரவாமல் தடுக்க ஒன்று. எண்ணெயும் தண்ணீரும் ஊறாமல் உருட்டிவிட இன்னொன்று. இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை. அதனால்தான் இரண்டையும் வீட்டுத் துவைகல்லிலேயே கெடுத்துவிட முடிகிறது. கெட்டுப்போனதும் கண்ணுக்குத் தெரியாது.

முதலில் தீ. துணி எரிகிறது என்று சொன்னாலும், தீச்சுவாலையில் எரிவது துணியிலிருந்து கிளம்பும் வாயுதான். பருத்தி நார் ஏறக்குறைய முழுக்க செல்லுலோஸ். சுமார் 350 டிகிரி செல்சியஸில் செல்லுலோஸ் சங்கிலி உடைந்து, எளிதில் எரியக்கூடிய ஆவிகளாகப் பிரிகிறது. அந்த ஆவி பற்றிக்கொள்கிறது. அதன் சூடு பக்கத்துத் துணியை உடைக்கிறது. அங்கிருந்து மேலும் ஆவி வருகிறது. சேலைத் தலைப்பில் பிடித்த தீ நொடிகளில் தோளுக்கு ஏறுவது இப்படித்தான்.

இந்தச் சங்கிலியை அறுக்கப் பயன்படுவது பாஸ்பரஸ். கவராலில் ஏற்றியிருக்கும் பாஸ்பரஸ் சேர்மம் சூடானதும் அமிலமாக மாறுகிறது. செல்லுலோஸ் ஆவியாக உடைவதற்கு முன்பே, 300 டிகிரியை எட்டும் முன்னரே, அந்த அமிலம் அதிலிருந்து தண்ணீரைப் பிடுங்கிவிடுகிறது. தண்ணீரை இழந்த செல்லுலோஸ் கரியாகிறது. எரியும் வாயுவாகப் போயிருக்க வேண்டிய கார்பன், துணியிலேயே கரியாகத் தங்கிவிடுகிறது. வெளியே வருவதில் பெரும்பங்கு நீராவி. அதனால் சுவாலை விலகியதும் துணியில் தீ நின்றுவிடுகிறது. ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: சுவாலை நேராகப் படும் இடம் கருகத்தான் செய்யும், சூடும் உள்ளே இறங்கும். இந்தத் துணி கொடுப்பது, தீ உடம்பெங்கும் பரவாமல், விலகி ஓடுவதற்கான சில நொடிகள்.

துணியைத் தீயிலிருந்து காக்க உப்புக்கரைசலில் முக்கியெடுப்பது பழைய யோசனை. பிரெஞ்சு வேதியியலாளர் கே லுசாக், பாரிஸ் நாடக அரங்குகளின் திரைச்சீலைகளுக்காக 1821இல் அம்மோனியம் பாஸ்பேட், அம்மோனியம் குளோரைடு, வெண்காரம் ஆகியவற்றைப் பரிந்துரைத்தார். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை மேடைத் திரைகளுக்கு இன்றும் தெளிக்கிறார்கள். நன்றாகவே வேலை செய்யும், ஆனால் தண்ணீர் படும்வரைதான். ஒரு முறை நனைத்துப் பிழிந்தால் உப்பு கரைந்து வாளியில் போய்விடும். திரைச்சீலைக்கு இது போதும். தினம் வேர்வையில் ஊறி, வாரத்துக்கு ஓரிரு முறை துவைக்கப்படும் உடைக்குப் போதாது.

துவைத்தாலும் போகாத வழி 1950களில் பிறந்தது. அமெரிக்க விவசாயத் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகம் அதற்கு அடித்தளம் போட்டது. பிரிட்டனில் அது ‘புரோபன்’ என்ற பெயரில் தொழிலானது. கஞ்சி, மெழுகு எதுவும் மிச்சமில்லாமல் சுத்தம் செய்த காட்டன் துணியை, பாஸ்பரஸ் உப்பும் யூரியாவும் சேர்ந்த கரைசலில் ஓட்டி, உருளைகளுக்கு நடுவே பிழிகிறார்கள். பிறகு உலர்த்துகிறார்கள், ஆனால் முழுக்க அல்ல, பத்து சதவீதத்துக்குச் சற்று மேலே ஈரம் விட்டு. அந்த ஈரத் துணி அம்மோனியா வாயு நிரம்பிய அறைக்குள் போகிறது. அதற்குள் நாரின் உள்ளே ஊறியிருந்த கரைசல் வாயுவோடு வினைபுரிந்து, அங்கேயே கரையாத பாலிமராகக் கட்டிக்கொள்கிறது. கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்து அதை நிலைப்படுத்தி, மிச்சம் மீதியை அலசிவிடுகிறார்கள். 100 கிராம் துணியில் பாஸ்பரஸ் மட்டும் 2 முதல் 3 கிராம் இருக்கும்.

கவனிக்க வேண்டியது அந்தப் பாலிமர் உட்கார்ந்திருக்கும் இடம். அது நாரின் மேலே பூசப்படவில்லை, நாருக்குள்ளே விளைந்திருக்கிறது. கல்லில் அடித்தாலும் பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் அவ்வளவு சீக்கிரம் வெளியே வராது. முறையாகச் செய்த துணி 50 சலவைக்குப் பிறகும் தீச்சோதனையில் தேறும்.

தண்ணீரை உருட்டும் பினிஷ் அப்படியல்ல. அது நாரின் மேல்தோலில் மட்டும் இருக்கும் மிக மெல்லிய படலம். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பலமாக இழுத்துக்கொள்பவை. தன்னைவிடப் பலமாக இழுக்கும் பரப்பு கிடைத்தால்தான் தண்ணீர் அதில் பரவும். பருத்தி அப்படி இழுக்கும். சேப்பங்கிழங்கு இலையின் மெழுகு இழுக்காது. மெழுகும் சிலிக்கோனும் தண்ணீரைத் தடுக்கப் போதும். ஆனால் டீசலும் மசகு எண்ணெயும் தண்ணீரைவிடச் சுலபமாகப் பரவுகிறவை, மெழுகின் மேலும் பரவிவிடும். அவற்றையும் உருட்ட ஃப்ளோரோகார்பன்தான் வேண்டும். அதில் ஒரு பாலிமர் முதுகெலும்பு நாரைப் பிடித்துக்கொண்டிருக்க, அதிலிருந்து ஃப்ளோரின் நிறைந்த வால்கள் நெருக்கமாக வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வால் நுனிகள் எதையும் இழுப்பதில்லை.

இந்த வால்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. சலவைத் தண்ணீரில் ஊறும்போது அவை மடங்கி உள்பக்கம் ஒடுங்கிவிடுகின்றன. கொடியில் காயப்போட்டால் மடங்கியபடியே காய்ந்துபோகும். நான்கைந்து சலவை கழித்து ரெயின்கோட்டில் தண்ணீர் ஊறத் தொடங்கியதும் ‘பினிஷ் போய்விட்டது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது போகவில்லை. துணியின் லேபிள் அனுமதிக்கும் சூட்டில் ஒரு முறை அயர்ன் பண்ணினால் வால்கள் இளகி மறுபடி நிமிர்ந்துகொள்ளும். ஒரு டம்ளர் தண்ணீரைச் சாய்த்துப் பிடித்த துணியில் தெளித்துப் பாருங்கள். சூடு காட்டிய பகுதியில் முத்து முத்தாக உருண்டு, பக்கத்தில் கறையாகப் பரவினால், பினிஷ் உயிரோடுதான் இருக்கிறது. இரண்டு இடத்திலும் பரவினால், தேய்ந்துபோயிருக்கலாம், அல்லது அலசாமல் விட்ட டிடர்ஜென்ட் அதை மூடியிருக்கலாம். டிடர்ஜென்ட்டின் வேலையே தண்ணீரைப் பரவவைப்பது. துளி மிச்சமிருந்தாலும் அது தன் வேலையைச் செய்யும்.

துவைத்துக் கெடுவது என்பதில் இரண்டு வகை இருக்கிறது என்று இதிலிருந்தே தெரியும். பினிஷ் கழன்று போவது ஒன்று. பினிஷ் இருந்தும், துவைத்தபோது வந்து ஒட்டியது அதை மூடிவிடுவது இன்னொன்று. தீத்தடுப்புக்கு இந்த இரண்டாவதுதான் ஆபத்தானது. நம் ஊரில் அது உப்புத் தண்ணீராலும் சோப்புக் கட்டியாலும் நடக்கிறது.

போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இது சகஜம். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. தண்ணீரிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்ததும் சோப்பு கரையாத திரையாகிறது. வாளி ஓரத்தில் சாம்பல் நிறத்தில் வளையம் கட்டுமே, அதுதான். கணக்குப் போட்டால், இந்தத் தண்ணீர் ஒரு லிட்டர் சுமார் 2.4 கிராம் சோப்பைத் திரையாக்கும். 15 லிட்டர் வாளிக்கு 36 கிராம். நுரை வருவதற்கு முன்பே அவ்வளவும் வீணாகிறது. அதில் ஒரு பகுதி துணியின் இண்டு இடுக்கில் தங்கிவிடும்.

அந்தத் திரை கொழுப்பு. கொழுப்பு எரியும். உள்ளே பாஸ்பரஸ் முழுதாக இருந்தாலும், நாரின் மேல் நாமே எரிபொருள் பூசிக்கொண்டிருக்கிறோம். இதற்கு மேலும் ஒரு கெடுதல்: பாஸ்பரஸ் சேர்மத்தின் ஒரு பங்கு காலப்போக்கில் தண்ணீரில் சிதைந்து அமில முனைகளாகும். அந்த முனைகளைக் கால்சியம் வந்து பிடித்துக்கொண்டால், தீப்படும்போது தண்ணீரைப் பிடுங்க வேண்டிய அமிலம் கட்டுண்டு கிடக்கும். இந்த உடைகளின் லேபிளில் ‘சோப்பு போடாதே’ என்று எழுதியிருப்பதை வெறும் சம்பிரதாயமாக நினைத்துவிடக் கூடாது.

பிளீச்சிங் பவுடர் வேறு விதமாகக் கெடுக்கும். அதிலுள்ள குளோரின் நாருக்குள் இருக்கும் பாலிமரையே அரிக்கிறது. இது திரும்பி வராத இழப்பு. கஞ்சியும் அப்படியே தவிர்க்க வேண்டியது, அது எரியும் மாவுதான். துணிக்கு மென்மையும் வாசனையும் தரும் கண்டிஷனர் கொழுப்புச் சங்கிலிகளை நாரின் மேல் படியவைக்கிறது. அதனால் தீத்தடுப்பு, நீர்த்தடுப்பு இரண்டுமே ஒரே அடியில் குறைகின்றன.

கோயம்புத்தூர்ப் பக்கம் பல வீடுகளில் உப்புத் தண்ணீருக்கு ஒரு குழாய், நல்ல தண்ணீருக்கு ஒரு குழாய் இருக்கும். கவராலை நல்ல தண்ணீரில் துவைக்க வேண்டும். குறைந்தபட்சம் கடைசி இரண்டு அலசலாவது அதில் இருக்கட்டும். பிளீச் கலக்காத டிடர்ஜென்ட் பவுடரோ லிக்விடோ போதும். அவை கால்சியத்தோடு சேர்ந்து திரையாவதில்லை. துணியைத் திருப்பிப் போட்டுத் துவைத்தால் வெளிப்பக்க ஃப்ளோரோகார்பன் படலம் குறைவாகத் தேயும். ஏற்கெனவே சோப்புத் திரை படிந்த கவராலுக்கு வினிகர் அலசல் உதவும், ஆனால் அது மட்டும் போதாது. வினிகர் கால்சியத்தைக் கழற்றிவிடும். கழன்ற கொழுப்பு அமிலம் துணியிலேயே இருக்கும். பின்னாலேயே வெந்நீரில் டிடர்ஜென்ட் போட்டுத் துவைத்தால்தான் அது வெளியேறும்.

ஃப்ளோரோகார்பனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய, நீளமான எட்டுக் கார்பன் வகையிலிருந்து வரும் பி.எஃப்.ஓ.ஏ. என்ற பொருள் மண்ணிலும் நீரிலும் ரத்தத்திலும் சிதையாமல் தங்குவதால் 2019இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் சேர்ந்தது. அதற்குப் பதிலாக வந்த ஆறு கார்பன் வகையின் மீதும் ஐரோப்பா கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது. கழுவித் தேயும் படலம் எங்கும் மறைந்துவிடுவதில்லை, சலவைத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது. பள்ளிக்கூடப் பிள்ளையின் ரெயின்கோட்டுக்கு மெழுகும் சிலிக்கோனும் தாராளமாகப் போதும், அங்கே ஃப்ளோரின் தேவையே இல்லை என்பது என் கருத்து. எண்ணெய் தெறிக்கும் இடத்தில் வேலை செய்பவரின் கவராலுக்கு இன்னும் அவ்வளவு நல்ல மாற்று கிடைக்கவில்லை.

அந்தக் கவராலில் முதலில் தேய்வது எப்போதும் மேல் படலம்தான். அது போனதும் உள்ளே தீத்தடுப்பு இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. அதுவரை உருண்டு விழுந்த டீசல் இப்போது ஊறத் தொடங்கும், ஊறிய டீசல் துணியின் பாஸ்பரஸைக் கேட்டுக்கொண்டு எரியாது. தொழிற்சாலைகளில் பழைய கவரால் ஒன்றிலிருந்து மூன்று அங்குல அகலம், ஓரடி நீளத்தில் துண்டு வெட்டி, சோதனைக்கூண்டில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, கீழ் விளிம்பில் 12 நொடி சுவாலை காட்டுகிறார்கள். சுவாலையை எடுத்த பிறகு துணி இரண்டு நொடிக்கு மேல் எரிந்துகொண்டிருந்தால், அதே வயதுள்ள, அதே முறையில் துவைத்த கவரால்கள் அத்தனையையும் ஒதுக்கிவிட வேண்டியதுதான். இந்தச் சோதனையைக் கூண்டும் தீயணைப்பானும் இல்லாத வீட்டில் செய்யவே கூடாது. வீட்டில் பார்க்க முடிந்தவை வேறு: இரண்டு முறை ஒழுங்காகத் துவைத்தும் போகாத எண்ணெய்க் கறை, காய்ந்த பிறகும் அடிக்கும் டீசல் வாசம், முழங்கையிலும் தொடையிலும் நூல் தெரியத் தேய்ந்த இடம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கவராலைத் திருப்பிக் கொடுத்துப் புதியது கேட்க வேண்டும்.