400 மீட்டர் ஓட்டமும் ஒரு கலயம் கள்ளும்

400 மீட்டர் ஓட்டத்தைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். முதல் 300 மீட்டர் வரை மான் மாதிரி பாய்ந்தவர், கடைசித் திருப்பம் தாண்டியதும் தொடை கனத்து, காலை இழுத்துக்கொண்டு ஓடுவார். அந்த நேரத்தில் அவர் தொடைத்தசையில் நடப்பதும் பனையில் கட்டிய கலயத்தில் நடப்பதும் முக்கால்வாசி ஒரே வேலைதான்.

தசைக்கும் சரி, கலயத்திலுள்ள ஈஸ்ட்டுக்கும் சரி, எரிபொருள் குளுக்கோஸ். அதிலிருந்து எடுக்கும் ஆற்றலை ஏ.டி.பி. என்ற சிறு மூலக்கூறுகளில் ஏற்றித்தான் செல் செலவு செய்கிறது. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்து, அவசரமும் இல்லாதபோது தசையில் நடப்பது காற்றுச் சுவாசம்:

குளுக்கோஸ் + ஆக்சிஜன் → கார்பன் டை ஆக்சைடு + நீர் + ஆற்றல் (சுமார் 30 ஏ.டி.பி.)

பழைய பாடநூல்களில் 36 அல்லது 38 என்று இருக்கும். வழியில் ஏற்படும் இழப்புகளைக் கழித்து இப்போது 30 முதல் 32 வரை என்கிறார்கள். காற்றில்லாச் சுவாசம் இரண்டு வகை. தசையில்:

குளுக்கோஸ் → லாக்டிக் அமிலம் + ஆற்றல் (2 ஏ.டி.பி.)

ஈஸ்ட்டில்:

குளுக்கோஸ் → எத்தனால் + கார்பன் டை ஆக்சைடு + ஆற்றல் (2 ஏ.டி.பி.)

முப்பது எங்கே, இரண்டு எங்கே! மீதி எங்கே போனது? எங்கும் போகவில்லை. குளுக்கோஸில் இருந்த ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்த அமிலத்துக்குள்ளும் ஆல்கஹாலுக்குள்ளும் அப்படியே இருக்கிறது. எத்தனாலைப் பற்றவைத்தால் எரிவது அதனால்தான்.

அந்த இரண்டு ஏ.டி.பி.யும் லாக்டிக் அமிலமோ ஆல்கஹாலோ உருவாகும்போது கிடைப்பதில்லை, அதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது. குளுக்கோஸ் முதலில் பத்துப் படிகளில் உடைந்து பைருவேட் ஆகிறது. தசையிலும் ஈஸ்ட்டிலும் இந்தப் பத்துப் படியும் ஒன்றே. நடுவில் கழலும் ஹைட்ரஜனை என்.ஏ.டி. என்ற மூலக்கூறு ஏற்றிக்கொள்கிறது. செல்லில் அது கொஞ்சம்தான் உண்டு. சுமையை இறக்கிய வண்டிதானே அடுத்த நடைக்கு வர முடியும்? காற்றுச் சுவாசத்தில் அந்தச் சுமை கடைசியில் ஆக்சிஜனிடம் சேர்ந்து நீராகிறது. அது இல்லாதபோது தசை சுமையைப் பைருவேட் மேலேயே இறக்க, லாக்டிக் அமிலம் வருகிறது. ஈஸ்ட்டோ பைருவேட்டிலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிட்டு இறக்குகிறது, எத்தனால் வருகிறது. கள் நுரைப்பதும் பேக்கரி மாவு உப்புவதும் அந்த வாயுவால்தான். அதைக் கழற்றும் நொதி நம் தசையில் கிடையாது, அதனால் ஓடி ஓடிப் போதை ஏற வழியில்லை. தங்கமீனின் தசைக்கு இது முடியும். ஆக்சிஜன் தீர்ந்த தண்ணீரில் அது எத்தனால் தயாரித்துச் செவுள் வழியே வெளியே விட்டுவிடும்.

காற்றில்லாவிட்டால் மட்டுமே இந்த வழி என்று நினைத்துவிடக் கூடாது. ஓட்டக்காரருக்கு மூச்சும் இருக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜனும் இருக்கிறது. தசை கேட்கும் வேகத்துக்குக் காற்றுச் சுவாசம் ஈடுகொடுக்க முடியாததுதான் சிக்கல். ஆற்றலைக் குறைவாகக் கொடுத்தாலும் காற்றில்லா வழி அதைச் சட்டென்று கொடுக்கிறது. ஈஸ்ட்டும் அப்படித்தான். சர்க்கரை நிறைய இருந்தால், காற்றுபட்டாலும் அது ஆல்கஹால் பக்கமே சாயும். கலயத்தின் வாய் திறந்திருந்தும் பதநீர் கள்ளாவது இதனால்தான். உள்ளே சுண்ணாம்பு தடவினால் காரத்தன்மை ஏறி ஈஸ்ட் முடங்குகிறது, பதநீர் இனிப்பாகவே நிற்கிறது.

இந்த வேகத்துக்கு விலை சர்க்கரை. 30 ஏ.டி.பி.க்குக் காற்றுச் சுவாசத்தில் ஒரு குளுக்கோஸ் போதும். மற்ற வழியில் பதினைந்து வேண்டும். காற்றூட்டினால் ஈஸ்ட் குறைந்த சர்க்கரையில் அதிகமாகப் பெருகுகிறது என்று லூயி பாஸ்டர் 1861-லேயே கண்டு சொன்னார்.

இரண்டுக்கும் முடிவில் ஒரு வித்தியாசம் உண்டு. ஈஸ்ட் தான் உண்டாக்கிய ஆல்கஹாலைத் திரும்பப் பயன்படுத்தக் காற்று வேண்டும். அதற்குள் ஆல்கஹால் அளவுமீறினால் அதுவே ஈஸ்ட்டை முடக்கிவிடும். உடம்பு எதையும் வீணாக்குவதில்லை. லாக்டேட்டை இதயத்தசை எரிபொருளாக எரிக்கிறது, கல்லீரல் ஆறு ஏ.டி.பி. செலவழித்துத் திரும்பவும் குளுக்கோஸாக்குகிறது. ஓட்டம் முடிந்தும் மூச்சு வாங்குவதற்கு இந்தக் கடனும் ஒரு காரணம்.

ஒரு மணி நேரம்போல ஆனால் ரத்தத்தில் லாக்டேட் பழைய அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே மறுநாள் காலையில் தொடை வலித்தால் லாக்டிக் அமிலத்தைத் திட்ட வேண்டாம். அது தசைநார்களில் ஏற்பட்ட நுண்ணிய சிதைவின் வலி. வேகமாக ஓடி முடித்ததும் அப்படியே உட்காராமல் கொஞ்ச நேரம் மெதுவாக நடங்கள். நடக்கும் தசை லாக்டேட்டைச் சீக்கிரம் எரித்துத் தீர்க்கும்.