எட்டே முக்கால் மணி நேரம் 8.45 அல்ல

ஒரு தையல் ஆலைத் தொழிலாளி வாரத்தில் ஆறு நாளும் தினம் 8 மணி 45 நிமிடம் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 ரூபாய் கூலி. கணக்கர் 8.45 என்று எழுதி ஆறால் பெருக்குகிறார். 50.70 மணி வருகிறது. பார்த்தால் சரியான கணக்கு போலத்தான் இருக்கும். ஆனால் மணிக்கு 60 நிமிடம். புள்ளிக்கு அடுத்து நிற்பதோ நூறில் ஒரு பங்கு. 45-ஐ 60-ஆல் வகுத்தால் 0.75. ஆக, ஒரு நாள் வேலை 8.75 மணி, வாரத்துக்கு 52.50 மணி.

விடுபட்ட 1.80 மணி சாதாரண நேரமும் அல்ல. வாரத்துக்கு 48 மணியைத் தாண்டினால் ஆலைகளில் இரட்டைக் கூலி தர வேண்டும் என்பது சட்டம். ஓவர்டைம் 4.50 மணி இருக்க வேண்டிய இடத்தில் 2.70 மணிதான் பதிவாகிறது. மணிக்கு 160 வீதம் அந்த வாரத்தில் மட்டும் 288 ரூபாய் போய்விடுகிறது.

இந்தப் பிழை பெரும்பாலும் தொழிலாளியின் பையைத்தான் கடிக்கும். எந்த நிமிடத்தையும் 60-க்குப் பதில் 100-ஆல் வகுத்தால் விடை குறையத்தானே செய்யும்? ஒரு விதிவிலக்கு உண்டு: 8 மணி 5 நிமிடத்தை 8.5 என்று எழுதினால் அது எட்டரை மணியாகி, 25 நிமிடக் கூலி கூடுதலாகப் போகும். முதலாளிகள் உடனே கண்டுபிடிப்பது இதை மட்டும்தான்!

எக்செல்லில் வேறொரு வம்பு. நேரத்தை 8:45 என்றே இட்டால் அது ஒரு நாளின் பின்னமாகச் சேமிக்கப்படும். ஆறு நாள் கூட்டுத்தொகை 2.1875 நாள். அதை அப்படியே 80-ஆல் பெருக்கினால் வாரக் கூலி 175 ரூபாய்! முதலில் 24-ஆல் பெருக்கி மணியாக்க வேண்டும்:

```
=SUM(A2:A7)*24
```

இதை எழுதிய கட்டத்தின் வடிவம் நேரமாக இல்லாமல் எண்ணாக இருக்க வேண்டும். கூட்டுத்தொகையை மணி-நிமிடமாகவே பார்க்க விரும்பினால் `[h]:mm` வடிவம் கொடுங்கள். வெறும் `h:mm` என்றால் 24 மணிக்கு மேல் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணி, 52:30-ஐ 4:30 என்று காட்டும்.

ஏற்கெனவே 8.45 என்று பதிவாகிவிட்ட தாளையும் மீட்கலாம். ஆனால் ஒவ்வொரு நாளையும் தனித்தனியாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும்; 50.70-ஐ மாற்றினால் 51.17 என்ற இன்னொரு தப்புதான் கிடைக்கும்.

```
=INT(A2)+(A2-INT(A2))*100/60
```

உங்கள் சம்பளச் சீட்டோடு தினசரி நேரப் பட்டியலும் தருகிறார்கள் என்றால் ஒன்றைப் பாருங்கள். மாதம் முழுக்க ஒரு நாளில்கூடப் புள்ளிக்குப் பின் .60 முதல் .99 வரை எந்த எண்ணும் இல்லையா? அங்கே இருப்பவை நிமிடங்களாகத்தான் இருக்கும். அவற்றை 60-ஆல் வகுத்தார்களா என்று கணக்கரிடம் கேளுங்கள்.