ஒரே நோன்பு, இரண்டு அளவு

பீன்யாவில் நம் தெருக்களில் விடிந்தது முதல் கடைசல் இயந்திரங்கள் ஓடுகின்றன, உலைகள் எரிகின்றன. இத்தொழில் செய்பவன் கொல்லாமை நோன்பை ஏற்க முடியுமா? நெலமங்கலம் வழியாகச் சிரவணபெளகொளாவுக்குச் சென்று, கி.பி. 981-ஆம் ஆண்டைச் சேர்ந்த கோமதீசுவரர் சிலையைக் காணும் நம்மவர் பலர், "சமணம் துறவிகளின் சமயம், நமக்கு எட்டாது" என்று சொல்லித் திரும்புகின்றனர். அக்கருத்துப் பொருந்தாது.

கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பாலொழுக்கம், பொருட்பற்றின்மை ஆகிய ஐந்தும் துறவிக்கும் இல்லறத்தானுக்கும் பொது. முழுமையாக ஏற்றால் மகாவிரதம். ஓரளவு ஏற்றால் அணுவிரதம். இவ்வாறு வகுத்துக் காட்டுவது உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம். (இங்கே 'அணு' என்பது சிறியது என்னும் பொருளது. நம் இயற்பியல் வகுப்பு அணுவோடு குழப்பிக் கொள்ள வேண்டாம்!) துறவி தீமையை மனத்தாலும் மொழியாலும் உடலாலும் செய்யான்; பிறரைச் செய்விக்கவும் மாட்டான்; செய்வாரை ஆமோதிக்கவும் மாட்டான். மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது வாயில்கள். அவன் ஒன்பதையும் அடைக்கிறான். இல்லறத்தான் தன்னால் இயன்றவற்றை அடைக்கிறான்.

துறவியின் கொல்லாமை எத்தகையது என்பதைச் சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளிடம் காணலாம். கோவலனோடும் கண்ணகியோடும் மதுரைக்குப் புறப்படும்போது, நீர்க்கரை வழியே சென்றால் நண்டும் நத்தையும் காலடியில் மிதிபடக்கூடும் என்று அவர் அஞ்சுகிறார். வணிகர் குடியில் பிறந்த கோவலனிடம் சமண அறம் இவ்வளவு நுட்பத்தை எதிர்பார்ப்பதில்லை. வேண்டுமென்று செய்யும் கொலை, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என்று கொலையை நான்காகப் பிரிப்பர். இல்லறத்தான் முதல் வகையை அறவே விடவேண்டும். மற்ற மூன்றையும் இயன்றவரை குறைக்கவேண்டும். எனவே கடைசல்காரன் இந்நோன்பை ஏற்கலாம். உலை வைத்திருப்பவனுக்கோ கேள்வி எளிதில் தீராது. விலக்க வேண்டிய பிழைப்புகளுள் கரி சுடுதலைச் சொல்லும் நூல்கள் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஏமசந்திரர் கொல்லன் உலையையும் அதனுள் அடக்குகிறார்.

கள்ளாமையில் துறவி, பிறர் கொடாத பல்குச்சியையும் எடுக்கமாட்டான். இல்லறத்தான் எல்லார்க்கும் பொதுவான நீரையும் மண்ணையும் எடுக்கலாம். ஆனால் 980 கிராம் எடையுள்ள படிக்கல்லை ஒரு கிலோ என்று வைத்து விற்றால், யார் வீட்டுப் பூட்டையும் உடைக்காமலே நோன்பு பழுதாகும். கள்ளத் தராசும் கலப்படமும் இந்நோன்பின் குற்றங்களாகவே எண்ணப்பட்டுள்ளன. பொய்யாமையிலும் இதே போக்குத்தான். பாலொழுக்கம் துறவிக்கு முழுத் துறவு. இல்லறத்தானுக்குத் தன் மனையாளோடு அமைதல்.

என்னை மிகவும் கவர்ந்தது ஐந்தாவது நோன்பு. திகம்பரத் துறவியிடம் இருப்பவை மயிற்பீலி, நீர்க்கமண்டலம், நூல் ஆகியவையே. இல்லறத்தானோ பொருளுக்குத் தானே ஒரு வரம்பு கட்டிக்கொள்கிறான். பட்டறை முதலாளி ஒருவர், "இரண்டு வீடு, நூறு கிராம் பொன், இதற்குமேல் வேண்டேன்" என்று உறுதி பூண்டதாகக் கொள்வோம். பத்து ஆண்டில் தொழில் பெருகுகிறது. பக்கத்து வீடு விலைக்கு வருகிறது. வாங்கி, இடைச்சுவரை இடித்துவிட்டால் கணக்கில் இரண்டு வீடுதானே? மிஞ்சிய பொன்னை நோன்புக் காலம் முடியும்வரை மைத்துனர் பெட்டியில் வைத்தால் என்ன? சிறு பாத்திரங்களை உருக்கிப் பெரிய அண்டா ஒன்றாக வார்த்தால்?

வேடிக்கை என்னவென்றால், இத்தந்திரங்கள் நம் காலத்துக் கண்டுபிடிப்புகள் அல்ல! வேலியை நீக்கி இரு நிலத்தை ஒன்றாக்குவதையும், பொருளைப் பிறரிடம் ஒளித்து வைப்பதையும் பழைய உரைகாரர்கள் பெயர் சொல்லியே குறித்துவைத்தனர். இவற்றை அவர்கள் நோன்பு முறிவு என்னவில்லை. 'அதிசாரம்', அதாவது வரம்பு மீறல் என்றனர். சொன்ன எண் அப்படியே நிற்கிறது. எதற்காக அந்த எண்ணைச் சொன்னானோ அந்த நோக்கம் கெட்டது. கண்டுகொள்ளும் வழி எளிது: வரம்பு கட்டிய அன்று இச்செயலை வெளிப்படையாகச் சொல்லியிருப்பானா என்று கேட்டால் போதும். நேர்மையான வழி, மிஞ்சியதைத் தானமாகக் கொடுப்பது, அல்லது ஈட்டலை அங்கே நிறுத்துவது.

துறவிக்கு இடிக்கச் சுவர் இல்லை. ஆயினும் அவனுக்கும் விலக்கு இல்லை. உமாசுவாதி பொருளை எண்ணிப் பார்க்கவில்லை. 'பற்றே உடைமை' என்று இலக்கணம் கூறுகிறார். அழகிய பீலி ஒன்றுக்கு ஏங்கும் துறவியும் அந்த இலக்கணத்தில் உடைமைக்காரனே.