‘நன்று’க்கும் ‘மிக நன்று’க்கும் நடுவே

எல்லைச் சாலைகள் துறையில் நிர்வாகப் பொறியாளராக இருந்தவர் தேவ் தத். கண்காணிப்புப் பொறியாளர் பதவி உயர்வுக்கு ஐந்து ஆண்டு ரகசியக் குறிப்புகளில் ‘மிக நன்று’ என்ற தரம் வேண்டும் என்பது விதி. நான்கு ஆண்டுகளுக்கு அவருக்கு அது இருந்தது. 1993-94ஆம் ஆண்டுக்கு மட்டும் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். அப்படி எழுதப்பட்டதே அவருக்குச் சொல்லப்படவில்லை. பதவி உயர்வும் கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பதவி உயர்வைத் தடுக்கும் இடத்தில் ‘நன்று’ என்பதும் பாதகமான குறிப்புதான், எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008 மே மாதம் தீர்ப்பு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டே மத்திய அரசு ரகசியக் குறிப்பு முறையை மாற்றி, அறிக்கையை ஊழியரிடம் காட்டும் முறையைக் கொண்டுவந்தது.

தெரிவிக்கும் சிக்கல் தீர்ந்தது. ஆனால் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஒருவர் எவ்வளவு செய்தால் ‘நன்று’, இன்னும் எவ்வளவு செய்தால் ‘மிக நன்று’?

தனியார் நிறுவனங்களில் மார்ச் மாதம் அப்ரைசல் படிவம் வரும்போது பலரும் முட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான். ‘வாடிக்கையாளர் சேவையை மேம்படுத்துதல்’ என்று ஏப்ரலில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். மேம்பட்டதா என்று கேட்டால் ஊழியர் ஆமாம் என்பார், மேலாளர் அவ்வளவாக இல்லை என்பார். இருவர் சொல்வதும் பொய்யில்லை. மேலாளருக்கு ஜனவரி, பிப்ரவரியில் நடந்தது மட்டும் பளிச்சென்று நினைவிருக்கும். ஊழியருக்குத் தான் பட்ட பாடு நினைவிருக்கும். எண் ஒன்றை எழுதி வைத்தாலும் சிக்கல் பாதிதான் தீரும். இலக்கு 90 என்று போட்டுவிட்டு ஒருவர் 86 எட்டினால், அது தோல்வியா, கிட்டத்தட்ட வெற்றியா? மறுபடியும் அது மேலாளரின் மனநிலையைப் பொறுத்ததாகிவிடும்.

இதற்கு ஒரு நல்ல விடை மத்திய அரசின் பழைய ஆவணம் ஒன்றில் இருக்கிறது. 2009இல் அமைச்சகங்களின் செயல்பாட்டை அளக்க ‘ரிசல்ட்ஸ் ஃப்ரேம்வொர்க் டாக்குமென்ட்’ என்ற முறை வந்தது. இன்று அது நடைமுறையில் இல்லை. ஒவ்வோர் இலக்குக்கும் அதில் ஒன்றல்ல, ஐந்து எண்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத வேண்டும். முதல் எண்ணை எட்டினால் 100 மதிப்பெண். அடுத்தடுத்தவற்றுக்கு 90, 80, 70, 60. அதோடு ஒவ்வோர் இலக்கும் மொத்தத்தில் எவ்வளவு பங்கு என்பதையும் முன்கூட்டியே எழுத வேண்டும். தீர்ப்பு எப்படி எழுதப்படும் என்பது வேலை தொடங்கும்போதே முடிவாகிவிடும்.

தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரங்கள் விற்கும் கற்பனை நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு பகுதியின் சர்வீஸ் சூப்பர்வைசருக்கு இலக்கு எழுத வேண்டும். முதலில் போன ஆண்டுக் கணக்கை எடுக்கிறார்கள். 48 மணி நேரத்துக்குள் முடிந்த புகார்கள் 72 சதவீதம் என்று வருகிறது. இந்த எண் இல்லாமல் இலக்கு எழுதினால் அது ஊகம்தான். இதை வைத்து 90, 86, 82, 78, 74 சதவீதம் என்று ஐந்து படிகளை எழுதுகிறார்கள். கடைசிப் படிகூடப் போன ஆண்டைவிட மேலே இருப்பதைக் கவனிக்கலாம். எளிதில் எட்டும் இலக்கை எழுதிவிட்டு மார்ச்சில் நூறு வாங்கும் தந்திரத்தைத் தடுப்பது பழைய எண்ணைப் பக்கத்திலேயே எழுதி வைப்பதுதான். அரசின் அந்த ஆவணத்திலும் முந்தைய ஆண்டுகளின் எண்களைக் காட்ட வேண்டியிருந்தது.

அடுத்து, 48 மணி நேரம் எப்போது தொடங்குகிறது? புகார் பதிவான நேரத்திலிருந்தா, டெக்னீஷியனுக்கு ஒதுக்கிய நேரத்திலிருந்தா? ஞாயிற்றுக்கிழமை கணக்கில் சேருமா? ‘நான் ஊரில் இல்லை, வெள்ளிக்கிழமை வாங்க’ என்று வீட்டுக்காரர் சொன்னால் என்ன செய்வது? எந்த அறிக்கையிலிருந்து எண்ணை எடுப்பது? ஏப்ரலில் அரை மணி நேரத்தில் தீர்த்துவிடக்கூடிய கேள்விகள் இவை. இதே கேள்விகள் மார்ச்சில் எழுந்தால் சண்டைதான்.

வேகத்தை மட்டும் அளந்தால் வேகம் மட்டும்தான் கிடைக்கும். மணி 47 ஆகும்போது ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டு, மறுநாள் புதிய புகாராகப் பதிய வைக்கலாம். எண் அழகாக ஏறும். வீட்டில் தண்ணீர் வராது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் இதன் பெரிய வடிவம் நடந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்கு, அட்டை, கடன் என்று விற்க வேண்டும் என்ற நெருக்கடியில், வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே ஊழியர்கள் கணக்குத் திறந்தார்கள். 2016இல் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அதற்குமுன் சுமார் 5,300 பேர் வேலை இழந்திருந்தார்கள்.

இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவ் 1983இல் எழுதிய நிர்வாக நூலில் இதற்கு ஒரு வழி சொல்கிறார்: ஓர் அளவையை வைத்தால், அதைத் துரத்துவதால் எது கெட்டுப்போகுமோ அதையும் சேர்த்து அளக்க வேண்டும். எனவே நம் சூப்பர்வைசருக்கு இரண்டாவது இலக்கு, அதே இயந்திரத்துக்கு 30 நாளுக்குள் திரும்பி வரும் புகார். போன ஆண்டு அது 12 சதவீதம். படிகள் 6, 7, 8, 9, 10. மூன்றாவதாக, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தவர்கள். போன ஆண்டு 55 சதவீதம். எட்ட வேண்டிய உச்சப்படி 70. மூன்றுக்கும் பங்கு 50, 30, 20. இதற்கு மேல் இலக்குகளைக் கூட்டினால் ஒவ்வொன்றின் பங்கும் சுருங்கி, எதை விட்டாலும் பெரிய நஷ்டமில்லை என்றாகிவிடும்.

மார்ச்சில் கணக்கு வருகிறது. புகார் முடிப்பு 86 சதவீதம். அதற்கு 90 மதிப்பெண், பாதிப் பங்கில் 45. திரும்பி வந்த புகார் 9 சதவீதம். 70 மதிப்பெண், அதில் 30 சதவீதம் 21. ஒப்பந்தப் புதுப்பிப்பு 70 சதவீதத்தைத் தொட்டதால் முழுதாக 20. கூட்டினால் 86.

எல்லா வேலையையும் இப்படி எண்ணில் அடக்கிவிட முடியாது. புதிய டெக்னீஷியனுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்ததையும், கோபக்கார வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தியதையும் எழுதுவதற்கு மேலாளருக்குத் தனி இடம் வேண்டும். சூழ்நிலையும் மாறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகள் நாட்கணக்கில் வெள்ளத்தில் கிடந்தன. அங்கே 48 மணி நேரக் கணக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் அர்த்தமில்லை. அந்த நாட்களைக் கணக்கிலிருந்து நீக்குவதாக அந்த மாதமே எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அதே விஷயத்தை மார்ச்சில் சொன்னால் சாக்குப்போல ஒலிக்கும். அக்டோபரில் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பதும் இதற்காகத்தான்.

86 என்ற எண்ணில் இருவருக்கும் தகராறு இல்லை என்பதால், அப்ரைசல் பேச்சு அந்த 21 மதிப்பெண்ணுக்குப் போகிறது. திரும்பி வந்த புகார்களைப் பிரித்துப் பார்க்கலாம். ஒரே டெக்னீஷியன் போன வீடுகளிலிருந்து அதிகம் வந்திருந்தால் அவருக்குப் பயிற்சி வேண்டும். எல்லார் போன வீடுகளிலும் ஒரே மோட்டார் பழுதாகியிருந்தால், சூப்பர்வைசர் எவ்வளவு ஓடினாலும் எண் இறங்காது. அது கொள்முதல் பிரிவின் அடுத்த ஏப்ரல் இலக்கில் எழுதப்பட வேண்டிய வரி.