கிண்ணத்தில் கொதிக்கும் முடி

நரையை ஒரே நாளில் மறைக்காமல், தடவத் தடவ மெல்லக் கறுக்க வைக்கும் தலைச்சாயங்கள் உண்டு. அம்மோனியா கிடையாது, பெராக்சைடு கிடையாது, எரிச்சல் இல்லை என்பதால் இவை மென்மையானவை என்று பெயர் வாங்கிவிட்டன. இவற்றுக்கு நிறம் தருவது உலோக உப்பு. சிலவற்றில் ஈய அசிடேட், வேறு சிலவற்றில் வெள்ளி நைட்ரேட் அல்லது பிஸ்மத் சிட்ரேட். முடியின் புரதமான கெரட்டினில் கந்தகம் நிறைய இருக்கிறது. சில தயாரிப்புகளில் கந்தகத்தைத் தனியாகவும் சேர்ப்பார்கள். ஈயம் அதனோடு சேர்ந்து கறுப்பான ஈய சல்பைடாக முடியில் படிகிறது. சுரங்கத்தில் கிடைக்கும் ஈயத் தாதுவும் இதே பொருள்தான். ஆக, இந்தச் சாயம் போட்ட முடி நுண்ணிய தாதுத் துகள்களைச் சுமக்கும் முடி. பெராக்சைடே இல்லாமல் கறுக்க வைக்கும் இந்த உலோகம்தான், பின்னொரு நாள் பெராக்சைடு பட்டதும் வம்பு செய்கிறது.

பிளீச் செய்தாலும் சரி, கடையில் விற்கும் நிரந்தர ஹேர் டையைக் கலந்து பூசினாலும் சரி, இரண்டிலும் வேலை செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடு. அழகு நிலையங்களில் ‘20 வால்யூம்’ என்பது 6 சதவீதக் கரைசல். ஒரு லிட்டர் முழுதும் சிதைந்தால் 20 லிட்டர் ஆக்சிஜன் வரும் என்பதே அந்தப் பெயரின் பொருள். வழக்கமாக இந்தச் சிதைவு நிதானமாக நடக்கிறது. முடியில் படிந்த உலோகம், அதிலும் தாமிரமோ இரும்போ இருந்தால் வேகம் பிடிக்கிறது. முழுச் சிதைவின் வெப்பமும் கரைசலிலேயே தங்கினால், அது ஏறக்குறைய 40 டிகிரி சூடேறும். 30 டிகிரியில் இருந்த கலவை 70 டிகிரியை எட்டினால் தலைத்தோல் வெந்துபோகும். தலையில் பூசும்போது சூட்டில் ஒரு பகுதி வெளியேறிவிடும் என்றாலும், காயப்படுத்த மிச்சமே போதும். இதைவிட முடிக்குக் கெடுதல் செய்வது, இரும்பும் தாமிரமும் பெராக்சைடிலிருந்து பிரித்தெடுக்கும் ஹைட்ராக்சில் என்ற வெறிகொண்ட துகள். இரும்பும் பெராக்சைடும் சேர்ந்து நடத்தும் இந்த ஆக்சிஜனேற்றத்தை ஹென்றி ஃபென்டன் 1894-லேயே விவரித்திருக்கிறார். அந்தத் துகள் நிறமியோடு நிற்காமல் கெரட்டினையும் அறுப்பதால், முடி ரப்பர்போல இழுபட்டு அறுந்துவிடும்.

‘முடியில் இருப்பது துளியூண்டு உலோகம், அது என்ன செய்துவிடும்?’ என்று கேட்கலாம். உலோகம் இங்கே வினையூக்கி. வினையில் அது தீர்ந்துபோவதில்லை. ஒரே அயனி திரும்பத் திரும்ப வேலை செய்வதால் அளவு குறைவு என்பது காப்பாற்றாது. நாலு முறை அலசினால் போகாதா என்றால், மேலே ஒட்டியிருப்பது ஓரளவு போகும். முடிக்குள் சல்பைடாக உறைந்தது நீரில் கரையாது. உலோகத்தைப் பிடித்திழுக்கும் ஷாம்புகள் தாமிர அயனிகளைக் குறைக்கும், ஆனால் புதைந்த சல்பைடை நம்பகமாக அகற்றுவதில்லை. சாயத்துக்காக ஈயம் சேர்ப்பதை இந்திய விதிகள் தடுக்கின்றன, அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.யும் ஈய அசிடேட்டுக்கான அனுமதியை விலக்க 2018-இல் முடிவெடுத்தது. அதனால் ஈயத்தின் வரவு குறையலாம். மற்ற உலோகங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது.

‘மருதாணிக்கு மேல் பிளீச் செய்து எதுவும் ஆகவில்லையே’ என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. வெறும் மருதாணி இலையின் நிறமி கெரட்டினோடு நேரே ஒட்டுவது. அதற்கு உலோகம் வேண்டாம். மருதாணி என்ற பெயரில் உலோக உப்பு கலந்து வரும் பொடிகளால்தான் அதற்கும் கெட்ட பெயர். நம் வீடுகளில் டீ டிகாக்‌ஷனும் எலுமிச்சையும் சேர்த்து இரும்புச் சட்டியில் இரவெல்லாம் ஊறவைக்கிறோமே, அதில் நிறம் ஆழமாவதற்குக் கரைந்து வரும் இரும்பும் ஒரு காரணம். அதன் அளவு சட்டிக்குச் சட்டி மாறும். எனவே இந்த முடியையும் சோதிக்காமல் பிளீச்சில் இறக்கக் கூடாது.

சோதனை எளிது, ஆனால் பலன்களைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். கண்ணாடிக் கிண்ணத்தில் 30 மில்லி 20 வால்யூம் பெராக்சைடு, அதில் 28 சதவீத அம்மோனியாக் கரைசல் 20 சொட்டு. வெட்டியெடுத்த சிறு முடிக்கற்றையை நூலால் கட்டி அரை மணி நேரம் மூழ்கவைக்க வேண்டும். தாமிரம் இருந்தால் கலவை நுரைத்துக் கொதிக்கும், கிண்ணம் சுடும், சில நிமிடங்களில் முடி பிய்ந்துவரும். ஈயம் இருந்தால் முடி சட்டென்று வெளுக்கும். பிளீச் நன்றாகப் பிடிக்கிறது என்று இதை நினைத்துவிடக் கூடாது: கறுப்பு சல்பைடு வெள்ளை சல்பேட்டாக மாறியிருக்கிறது, ஈயம் அங்கேயே இருக்கிறது. மிகவும் ஏமாற்றுவது வெள்ளி. முடிமேல் அது உறைபோல் மூடிக்கொள்வதால் அரை மணி நேரத்திலும் எந்த மாற்றமும் தெரியாது. சாதாரண முடி அதற்குள் கொஞ்சமாவது வெளுத்திருக்கும். அசையாமல் கிடந்தால் அதுவே எச்சரிக்கை. அதைப் புரிந்துகொள்ளாமல் பெராக்சைடின் வீரியத்தைக் கூட்டுவதுதான் பெரிய தவறு.

கற்றையை எங்கிருந்து வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், 30 சென்டிமீட்டர் முடியின் நுனி இரண்டரை ஆண்டுக்கு முந்தையது. அப்போது போட்டு மறந்த சாயம் வேரருகே எடுத்த கற்றையில் இருக்காது. நுனியிலிருந்தும் ஒரு கற்றையைத் தனிக் கிண்ணத்தில் போட வேண்டும். அதில் இந்த அறிகுறிகளில் எது தெரிந்தாலும், அந்தப் பகுதி வளர்ந்து வெட்டுப்படும்வரை பிளீச்சும் நிரந்தரச் சாயமும் அங்கே படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.